5 லட்சமா, 7.7 லட்சமா? ஒரு வீட்டின் கதையில் எந்தத் தொகையை எழுதுவது?

வரைபலகை

சேலத்தில் நான்கு வருடமாகச் சொந்தமாக இன்டீரியர் வேலை எடுத்துச் செய்கிறேன். என்னிடம் வருபவர்கள் ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், சிறு கடை வைத்திருப்பவர்கள். வீட்டுக் கடன் தவணை போக மிஞ்சுவதில் சமையலறையும் அலமாரியும் செய்துகொள்ள நினைக்கும் குடும்பங்கள். முடித்த ஒவ்வொரு வீட்டையும் ஒரு கதையாக எழுதி, படங்களோடு என் போர்ட்ஃபோலியோவில் சேர்க்கிறேன். புது வேலை வருவதே அதைப் படித்துத்தான்.

அழகாபுரத்தில் 2024 அக்டோபரில் முடித்த இரண்டு படுக்கையறை வீட்டைப் பற்றி இப்போதுதான் எழுதினேன். தலைப்பு: ‘5 லட்சம், 45 நாள், ஒரு கனவு இல்லம்’. தொலைபேசி ஓயவில்லை. ஆனால் மதிப்பீட்டை அனுப்பியதும் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். போதாக்குறைக்கு அந்த வீட்டு அம்மாவே அழைத்தார். “என் நாத்தனார் படித்துவிட்டு, எங்களிடம் ஏழே முக்கால் என்று சொன்னீர்களே, மிச்சம் எங்கே போனது என்று கேட்கிறாள். நான் என்ன பதில் சொல்ல?”

நான் பொய் எழுதவில்லை. முதல் மதிப்பீடு 4,96,800 ரூபாய். நடுவில் மகளுக்குப் படிப்பு மேசை, அலமாரிக்குள் கூடுதல் இழுப்பறைகள், விரிசல் விட்டிருந்த சமையல் மேடைக்குப் புது கிரானைட் என்று 64,000 கூடியது. 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து என் பில் 6,61,744. புகைபோக்கி, அடுப்பு, விளக்குகள், மின்விசிறிகள், திரைச்சீலை எல்லாம் அவர்களே வாங்கினார்கள், அது 1.1 லட்சம். ஆக அவர்கள் கையைவிட்டுப் போனது ஏறத்தாழ 7.7 லட்சம்.

மூன்று தொகையும் உண்மைதான். கதையில் எதைப் போடுவது?

செங்கல்சூளை

இதற்கு ஏன் இத்தனை யோசனை? மொத்தத் தொகையையே எழுதாதீர்கள். சதுர அடிக்கு இவ்வளவு என்று போடுங்கள். நான் இருபது வருடமாக வீடு கட்டித் தருகிறேன். யார் கேட்டாலும் சதுர அடிக் கணக்குதான். படிப்பவர் தன் வீட்டு அளவால் பெருக்கிக்கொள்வார். உங்கள் மேல் பழி வராது.

மரத்தூள்

செங்கல்சூளை சொல்வது கட்டடத்துக்குச் சரி. தரைப் பரப்பை யார் அளந்தாலும் ஒரே அளவுதான் வரும். அலமாரி அப்படி இல்லை.

ஏழடி அகலம், ஏழடி உயரம், இரண்டடி ஆழத்தில் ஒரு அலமாரி. முகப்பை மட்டும் அளந்தால் 49 சதுர அடி. முகப்பளவுக்கு 1,400 ரூபாய் என்று ஒருவர் சொன்னால் 68,600. இன்னொருவர் பலகைப் பரப்பை அளக்கிறார். பக்கங்கள், மேல், கீழ், முதுகு, கதவு, நடுத்தடுப்பு, தட்டுகள் எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய 200 சதுர அடி வரும். அவர் சதுர அடி 350 ரூபாய் என்பார். கேட்பவர் ‘நான்கில் ஒரு பங்கு விலை’ என்று மகிழ்ந்து போவார். மொத்தம் 70,000! பில் வரும்போதுதான் தெரியும்.

எந்த அளவு என்று சொல்லாமல் சதுர அடி விலையைக் கதையில் போட்டால் 5 லட்சம் என்ற தலைப்பைவிட அதிகமாக ஏமாற்றும். போடுவதென்றால் ‘முகப்பளவுக்கு’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்துப் போடுங்கள்.

ஏற்காட்டுக்காரன்

மேடம், 5 லட்சத்தில் செய்து தருகிறீர்கள் என்று பார்த்தேன். எங்கள் வீடு ஏற்காட்டில் இருக்கிறது. இதேபோல இரண்டு படுக்கையறைதான். முன்பு ஒருவர் செய்த அலமாரியில் கீழ்ப்பலகை உப்பிக் கதவு தரையில் உரசுகிறது. உள்ளே துணி வைத்தால் பூஞ்சை வாடை. எப்போது வந்து பார்ப்பீர்கள்?

செங்கல்சூளை

பாருங்கள், தலைப்பு செய்யும் வேலையை! இழையே அந்த 5 லட்சம் தவறு என்பதைப் பற்றித்தான், ஐயா.

ஏற்காட்டுக்காரன்

தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் மன்னிக்கவும். ஆனால் என் அலமாரி உப்பியது உண்மைதானே.

மரத்தூள்

இவர் வழிதவறி வந்தாலும் சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறார். சேலத்து வீட்டின் தொகை மலைமேல் செல்லாது என்பதையும் கதையிலேயே சொல்ல வேண்டும்.

ஐயா, முதலில் உங்கள் அலமாரியின் கீழ் விளிம்பைத் தடவிப் பாருங்கள். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை என்றால் உப்பிய இடம் அவல்போல உதிரும். அதைச் சரிசெய்ய முடியாது. பிளைவுட் என்றால் ஏடு ஏடாகப் பிரிந்திருக்கும். பிறகு அலமாரியின் முதுகு வெளிச்சுவரில் ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள். 1,500 மீட்டர் உயரத்தில் மூடுபனியில் நனையும் சுவர் அது. அதில் பலகையை ஒட்டி வைத்தால் காற்று புகாது, பூஞ்சை பிடிக்கும். அங்கே நாங்கள் செய்யும்போது முதுகுக்கும் சுவருக்கும் ஓர் அங்குலமாவது இடைவெளி விடுவோம். அலமாரியைத் தரையில் வைக்காமல் நான்கு அங்குலக் கல் பீடத்தின்மேல் ஏற்றுவோம். கண்ணுக்குத் தெரியாத அடி விளிம்புக்கும் பட்டை ஒட்டுவோம். அந்த அடிப்பட்டையைத்தான் பலர் மிச்சம் பிடிப்பார்கள்.

செலவும் நாளும் வேறு. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் பலகை வர வேண்டும். ஆசாரிகள் தினமும் ஏறி இறங்க மாட்டார்கள், அங்கேயே தங்குவார்கள். மே மாதம் கோடை விழாச் சமயத்தில் அவர்களுக்கு அறை பிடிக்கிற வாடகையில் ஒரு அலமாரியே செய்துவிடலாம். சுவரில் பட்டி பூசினால் சேலத்தில் மறுநாள் தேய்க்கலாம், மேலே மழைக்காலத்தில் காத்திருக்க வேண்டும்.

கொலுசுப்பட்டறை

நான் வீட்டுக்காரர் பக்கத்திலிருந்து பேசுகிறேன். எனக்குத் தொழில் வெள்ளிக் கொலுசு. போன வருடம் வீட்டு வேலை செய்தோம். அதற்கு முன் இதுபோன்ற கதைகளை ஐம்பதையாவது படித்திருப்பேன். ஒன்றிலும் எனக்கு வேண்டியது இல்லை.

மொத்தத் தொகையைப் பார்த்து நான் பயப்படவில்லை. ஆறு என்றாலும் ஏழு என்றாலும் எப்படியோ புரட்டிவிடுவோம். எந்தத் தேதியில் எவ்வளவு கையில் இருக்க வேண்டும் என்பதுதான் என்னைத் தூங்கவிடாதது. நகையை எப்போது அடகு வைப்பது, சீட்டை எந்த மாதம் எடுப்பது என்று அதை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும். எங்கள் வேலையில் பாதிக்கு மேல் தொகையைப் பலகை இறங்கும் முன்பே கேட்டார்கள். அது எனக்கு முன்கூட்டித் தெரிந்திருந்தால் சீட்டை ஒரு மாதம் முன்னால் தள்ளி எடுத்திருப்பேன். மாதம் பிறந்தால் வட்டி கட்டியிருக்க மாட்டேன்.

அந்த 45 நாள் கணக்கையும் கொஞ்சம் விளக்குங்கள், மேடம். எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை?

வரைபலகை

கேட்டுவிட்டீர்கள். நாட்குறிப்பைப் பார்த்தே எழுதுகிறேன்.

முதல் சந்திப்பு 2024 ஜூன் 12. அளவெடுத்து வரைபடம் கொடுத்தேன், மூன்று முறை மாறியது. மூன்றாவது மாற்றம் மாவாட்டும் இயந்திரத்தால் வந்தது. நான் அதை மேடைக்குக் கீழே இழுவைத் தட்டில் வைத்திருந்தேன். ‘அரிசியும் உளுந்தும் போட்டு ஓடும்போது அது அந்தத் தட்டில் நிற்குமா?’ என்று அந்த அம்மா ஒரே கேள்விதான் கேட்டார். நிற்காது. பிளக் பக்கத்திலேயே கதவில்லாத ஒரு அறை விட்டு, தரையோடு கல் பதித்தோம்.

வரைபடம் முடிவாவதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் புது வேலைக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம் என்று வீட்டுப் பெரியவர் சொல்லிவிட்டார். ஆவணி பிறந்து ஆகஸ்ட் 19 அன்று முன்பணம் வந்தது. ஆகஸ்ட் 28 ஆசாரிகள் இறங்கினார்கள். அக்டோபர் 26 சாவி கொடுத்தேன், தீபாவளிக்கு ஐந்து நாள் முன்பு.

ஆசாரிகள் இறங்கியது முதல் சாவி வரை 60 நாள். அதில் எட்டு ஞாயிறு. விநாயகர் சதுர்த்திக்கு ஒரு நாள், ஆயுத பூஜையை ஒட்டி இரண்டு நாள் விடுமுறை. லேமினேட்டுக்காக நான்கு நாள் காத்திருந்தோம். மிச்சம் 45. முதல் சந்திப்பிலிருந்து எண்ணினால் 136 நாள்.

கொலுசுப்பட்டறை

அப்படியானால் பொங்கலுக்குக் குடிபோக நினைக்கும் குடும்பம் உங்கள் கதையைப் படித்துவிட்டு டிசம்பர் ஒன்றாம் தேதி உங்களை அழைக்கும். அழைக்க வேண்டியது ஆகஸ்டில்.

வரைபலகை

ஆமாம். போன டிசம்பரில் அப்படியே இருவர் அழைத்தார்கள். எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மரத்தூள்

எல்லோரும் செய்கிற தவறுதான் அம்மா, மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதீர்கள். நமக்கு ஆசாரி இறங்கிய நாளில்தான் வேலை தொடங்குகிறது. குடும்பத்துக்கோ கணவனும் மனைவியும் ‘செய்துவிடலாம்’ என்று பேசிய இரவிலேயே தொடங்கிவிட்டது. கதை அவர்கள் கணக்கில் இருக்க வேண்டும். 136, 60 இரண்டையும் போடுங்கள். 45 உங்களுக்கும் ஆசாரிக்கும் கூலி பேசத்தான் உதவும்.

ஆடியை விட்டுவிடாதீர்கள். நம் ஊரில் ஜூனில் பேச்சைத் தொடங்கும் எந்த வீட்டுக்கும் அது நடக்கும்.

இனி தொகைக்கு வருகிறேன். ‘4 முதல் 8 லட்சம்’ என்று போடுகிறார்கள் சிலர். அதைப் படித்து யாரும் எதையும் முடிவு செய்ய முடியாது. எல்லோரும் 4 என்றே படிப்பார்கள். கீழெல்லை என்றால், இதே வீட்டில் எதையெல்லாம் விட்டிருந்தால் அந்தத் தொகையில் முடிந்திருக்கும் என்று உங்களால் சொல்ல முடிய வேண்டும். மேலெல்லை நீங்கள் உண்மையில் கொடுத்த பில். உங்கள் வீட்டில் எதை விட்டிருக்கலாம்?

வரைபலகை

ஹாலின் ஃபால்ஸ் சீலிங் 28,600. அதற்காக இழுத்த மின்வேலை 10,000. படிப்பு மேசை 32,000. மூன்றும் 70,600, வரியோடு 83,000 சொச்சம். அதைக் கழித்தால் 5.8 லட்சம் வருகிறது.

மரத்தூள்

அப்படியானால் ‘5.8 முதல் 6.6 லட்சம், வரி உட்பட’. கீழே ஒரே வரியில், ‘ஹாலின் ஃபால்ஸ் சீலிங்கும் படிப்பு மேசையும் வேண்டாம் என்றால் 5.8’. அடுத்த வரியில், ‘அடுப்பு, புகைபோக்கி, விளக்கு, மின்விசிறி, திரைச்சீலை குடும்பமே வாங்கியது, 1.1 லட்சம்’. நாத்தனார் இனி கேட்க மாட்டார்.

பலகை மலிவைக் கீழெல்லைக்குக் கொண்டு வந்துவிடாதீர்கள். படுக்கையறையில் சாதாரண எம்.ஆர். பிளைவுட் போட்டுக் குறைக்கலாம், அதைத் தனியாகச் சொல்லலாம். சமையலறைத் தொட்டிக்குக் கீழே, தண்ணீர் தாங்கும் பிளைவுட்டுக்கான ஐ.எஸ். 710 முத்திரை இல்லாத பலகையைப் போட்டுத்தான் அந்தத் தொகை வரும் என்றால் அது வேறு வீடு.

செங்கல்சூளை

வரி உட்பட என்று எழுதினால், வரி இல்லாமல் எழுதும் ஆளிடம் வாடிக்கையாளர் போய்விடுவார். சந்தையில் இருக்க வேண்டாமா?

மரத்தூள்

போவார்கள். இரண்டு மாதம் கழித்து அங்கேயும் அதே வரியைக் கட்டுவார்கள், அல்லது பில் இல்லாமல் செய்துகொள்வார்கள். பில் இல்லாத வேலையில் கீல் ஒன்று கழன்றால் யாரிடம் போய்க் கேட்பது என்பது அவர்கள் பாடு. ஆனால் நீங்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. வேலை குறையாது என்று நான் உறுதி சொல்ல மாட்டேன்.

இரண்டாம்மாடி

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் கேட்கவில்லையே, அந்தக் குடும்பத்திடம் அனுமதி வாங்கினீர்களா? அழகாபுரம், இரண்டு படுக்கையறை, தீபாவளிக்கு முன் குடிபோனார்கள் என்றால் அந்தத் தெருவில் யார் வீடு என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். எங்கள் வீட்டுப் படத்தை ஒருவர் இப்படித்தான் போட்டார். பூஜை அலமாரியில் மாமனார் படம் மாலையோடு தெரிந்தது. தொகையும் பக்கத்திலேயே. மறுவாரம் உறவில் ஒருவர் கைமாற்றுக் கேட்டு வந்தார். ‘வீட்டுக்கு ஏழு லட்சம் போட்டிருக்கிறீர்களே’ என்றார்.

வரைபலகை

படம் எடுக்க அனுமதி கேட்டேன். தொகையைப் போடலாமா என்று கேட்கவில்லை.

கொலுசுப்பட்டறை

ஆனால் தொகை இல்லாமல் கதை எங்களுக்குப் பயன்படாது. பெயரும் தெருவும் வேண்டாம். ‘சேலத்தில் ஒரு ஆசிரியர் குடும்பம்’ என்றால் போதும்.

இரண்டாம்மாடி

உங்களுக்குப் போதும். அவர்களுக்குப் போதுமா என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். பணம் கொடுத்த தேதிகளையும் சேர்த்துப் போடச் சொல்கிறீர்கள். அது இன்னும் மோசம்.

மரத்தூள்

தேதிக்குப் பதில் கட்டத்தைச் சொல்லலாம். முன்பணம், பலகை இறங்கும்போது, கதவு மாட்டும்போது, சாவி கொடுக்கும்போது. அதிலேயே கொலுசுக்காரருக்கு வேண்டியது கிடைத்துவிடும். அனுமதி விஷயத்தில் எனக்கு வழக்கமே இல்லை, நான் படம் போடுகிற ஆள் இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வரைபலகை

இரண்டு நாள் எடுத்துக்கொண்டு திருப்பி எழுதியிருக்கிறேன். கிழித்துத் தள்ளுங்கள்.

> சேலத்தில் ஓர் ஆசிரியர் குடும்பம். நால்வர். 850 சதுர அடி, இரண்டு படுக்கையறை. எங்கள் பில் 5.8 முதல் 6.6 லட்சம், வரி உட்பட. ஹாலுக்கு ஃபால்ஸ் சீலிங்கும் மகளுக்குப் படிப்பு மேசையும் இல்லாமல் 5.8, இவர்கள் இரண்டையும் செய்துகொண்டார்கள். அடுப்பு, புகைபோக்கி, விளக்கு, மின்விசிறி, திரைச்சீலை இதில் இல்லை. அவற்றுக்குக் குடும்பம் தனியாக 1.1 லட்சம் செலவழித்தது.
>
> முதல் சந்திப்பிலிருந்து சாவி வரை நான்கரை மாதம். அதில் இரண்டரை மாதம் வரைபடத்திலும் ஆடியிலும் போனது. வீட்டில் வேலை நடந்தது இரண்டு மாதம். ஆயுத பூஜைக்கு ஆசாரிகள் ஊருக்குப் போனார்கள். லேமினேட்டுக்கு நான்கு நாள் நின்றோம். கடையின் குழல்விளக்கில் சந்தன நிறமாக இருந்தது, மேற்கு ஜன்னல் வெயிலில் மஞ்சளடித்தது. மாற்றுப் பலகை கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டியிருந்தது.
>
> பணம் நான்கு முறையாக வாங்கினோம். முன்பணம் 50,000. பலகை இறங்கும்போது 2.5 லட்சம். கதவு மாட்டும்போது 2.5 லட்சம். மீதி சாவி கொடுக்கும்போது.
>
> மேடையின் உயரம் 32 அங்குலம், வழக்கத்தைவிட இரண்டு அங்குலம் குறைவு. சமைப்பவரின் உயரத்துக்கு அதுதான் தோள் வலிக்காமல் இருந்தது. இந்தத் தொகை சேலம் நகரத்துக்கு. ஏற்காட்டுக்கு ஏற்றுக்கூலியும் ஆட்கள் தங்கும் செலவும் கூடும்.

கொலுசுப்பட்டறை

இதைப் படித்திருந்தால் எனக்கு ஒரு மாத வட்டி மிச்சமாகியிருக்கும். பலகை இறங்கும்போது பெரிய தொகை என்று இப்போது தெரிகிறது. முன்பணம் கொடுத்து எத்தனை நாளில் பலகை இறங்கியது என்று மட்டும் சேருங்கள்.

வரைபலகை

எட்டு நாள். ஆசாரிகள் வருவதற்கு முதல் நாள் பலகை வந்தது. சேர்க்கிறேன்.

செங்கல்சூளை

தலைப்பு எங்கே? கனவு இல்லம் போய்விட்டதா? சரி, போகட்டும். ஆனால் லேமினேட் நிறம் தவறாகப் போனதை ஏன் சொல்கிறீர்கள்? அது உங்கள் பிழை என்று படிப்பவர் நினைப்பார்.

மரத்தூள்

அது இருக்கட்டும். அடுத்த குடும்பம் மாதிரித் துண்டை வீட்டு ஜன்னலில் வைத்துப் பார்த்துவிட்டு வாங்கும், உங்களுக்கும் நான்கு நாள் மிச்சம். நான் கேட்பது வேறு. வேலை முடிந்து வருடம் தாண்டிவிட்டது. ஒருமுறை போய்த் தொட்டிக்குக் கீழே உள்ள பலகையையும் மேற்கு ஜன்னல் பக்கத்து லேமினேட் விளிம்பையும் படம் எடுத்து வாருங்கள். சேலத்துச் சித்திரை வெயில் ஒன்றைத் தாண்டிய பட்டை கிளம்பாமல் இருந்தால் அந்த ஒரு படம் போதும். கிளம்பியிருந்தால் முதலில் ஒட்டிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

வரைபலகை

ஞாயிற்றுக்கிழமை போய் வந்தேன். தொட்டியின் கீழே நன்றாக இருக்கிறது. ஜன்னல் பக்கம் ஒரு கதவின் விளிம்புப் பட்டை இரண்டு அங்குலம் எழும்பியிருந்தது. ஆசாரியை அனுப்பி ஒட்டச் சொல்லியிருக்கிறேன். ஒட்டுவதற்கு முன்னால் எடுத்த படத்தையும் கதையில் போடலாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

கதையைத் தாளில் அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். தொகைக்கு ஒன்றும் சொல்லவில்லை. அம்மாதான் பேனாவை வாங்கி, ‘ஆசிரியர் குடும்பம்’ என்ற இடத்தில் ‘ஆசிரியர்’ என்பதை அடித்துவிட்டார். பிறகு கடை விளக்கு, சந்தன நிறம் என்ற வரியைக் காட்டி, “அந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தது என் நாத்தனார். அதையும் எழுதும்மா” என்றார்.

ஏற்காட்டுக்காரன்

கீழ் விளிம்பைத் தடவிப் பார்த்தேன், மரத்தூள் அண்ணா. அவல்போலத்தான் உதிர்கிறது. மேடம், மலைக்கு எவ்வளவு கூடும் என்று மட்டும் சொல்லுங்கள்.